இன்னொரு காது பாக்கி

காதுகுத்து ரீல்களுக்கு எழுத்து போடுகிறவர்களில் பலர், படம் காட்டிவிட்டதையே திரும்பவும் எழுதுகிறார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்க, குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. மேலே ‘தாய்மாமன் மடியில் எங்கள் செல்லக்குட்டி’ என்று ஒரு வரி. அதைப் படிக்கப் போன கண், அந்த ஒன்றரை விநாடிக்குக் குழந்தையின் முகத்தைத் தவறவிடுகிறது. 30 விநாடி ரீலில் இது சின்ன நஷ்டமில்லை. படத்தில் இல்லாத ஏதாவது ஒன்றைத் தந்தால்தான் அதற்கு ஈடாகும்.

நல்ல வரி ஒன்றை எடுத்துப் பார்ப்போம். முதல் காதில் குத்தியாயிற்று, குழந்தை வீறிட்டு அழுதாயிற்று. மாமன் அதன் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணிக்கிறார். விசும்பல் மெல்ல அடங்கி, பழத்தில் பல் பதிகிறது. அங்கே வருகிறது: ‘இன்னொரு காது பாக்கி’. பார்க்கிற நமக்குத் தெரிந்த ஒன்று குழந்தைக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை எந்தக் கேமராவாலும் எடுத்துக் காட்ட முடியாது. மூன்றே சொல்தான். ஆனால் அது வரும் நேரம் பிசகினால் எல்லாம் போயிற்று. அழுகையின் மேல் போட்டால் ஈவிரக்கமில்லாத கிண்டல். ஆசாரியின் கை திரும்பவும் சட்டத்துக்குள் நுழைந்தபின் போட்டால் பழைய செய்தி. பழத்தைக் கடித்து அரை விநாடி கழித்து வந்து, இரண்டு விநாடி நின்று, கை நுழையும் முன் மறைய வேண்டும். இதையே ‘ஆனால் இன்னும் ஒரு காது பாக்கி இருக்கே செல்லம்!’ என்று எழுதினால் என்ன ஆகிறது? ‘ஆனால்’ நகைச்சுவை வருகிறது என்று தண்டோரா போடுகிறது, ‘செல்லம்’ இரக்கம் கேட்கிறது, ஆச்சரியக்குறி நமக்கு முன்னால் தானே சிரித்துவிடுகிறது. அடுத்த காட்சியில் மாமன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்றால், அங்கே எழுத்தே வேண்டாம். ‘மாமாவுக்கும் அழுகை’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

வெளியூரிலிருந்து பார்க்கும் சொந்தக்காரர்களுக்கு யார் எவர் என்று தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் பெயர்களுக்கு ரீலின் கீழே தனி இடம் இருக்கிறது. அங்கே பெரியப்பா முதல் ஒன்றுவிட்ட சித்தி வரை யாரையும் விடாமல் எழுதலாம், மனஸ்தாபமும் வராது. இதைவிடக் கனமான ஆட்சேபம், ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களைப் பற்றியது. ஊசியை எடுக்கும்போது ஆசாரி, ‘அங்க பாரு, காக்கா!’ என்கிறார், குழந்தை அண்ணாந்து பார்க்கிறது. சத்தமில்லாமல் பார்ப்பவருக்கு அது ஏன் மேலே பார்த்தது என்றே விளங்காது. ஆகவே அந்தப் பேச்சை அவர் சொன்னபடியே போடத்தான் வேண்டும், அவர் போட்ட ஆச்சரியக்குறியோடு. நான் சொல்லும் கொள்கைக்கு இது விரோதமில்லை. காக்காயும் படத்தில் இல்லை. பேச்சைப் பேச்சாக எழுதும்போது ஒரு எச்சரிக்கை: ‘கெட்டியாப் புடிச்சுக்க’ போன்ற வரியைக் காது உடனே வாங்கிக்கொள்ளும், கண் ஒரு கணம் தடுக்கி நிற்கும். அதற்கு அரை விநாடி கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

எங்கே எழுதுவது என்பதில் நம் எழுத்துக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. நெடுக்குவாக்கில் 1080-க்கு 1920 புள்ளிகள் கொண்ட திரையில், அடிப்பகுதியைக் கணக்கின் பெயரும் பாட்டின் பெயரும் பிடித்துக்கொள்கின்றன; வலது ஓரத்தை லைக், ஷேர் பொத்தான்கள். மிச்சம் இருப்பது பெரும்பாலும் தலைகளுக்கு மேலே உள்ள சுவர்தான். அதில் இரண்டு வரியை நெருக்கிப் போட்டால், மேல்வரியின் ‘கு’வின் வளைவு கீழ்வரியின் புள்ளியில் போய் இடிக்கும். வெள்ளை வேட்டிக்கு மேல் வெள்ளை எழுத்து காணாமல் போகிறதே என்று தடித்த கறுப்பு விளிம்பு கொடுத்தால், ‘ண’வின் சுழிகள் அடைந்துபோகும், பின்னால் லேசான இருட்டுப் பட்டை ஒன்று வைப்பதே மேல். தட்டச்சு அடிப்பதுபோல் ஒவ்வொன்றாக எழுத்து வரும் வித்தையையும் தமிழில் தவிர்ப்பது நல்லது. பல செயலிகளில் ‘மாமன’ என்று வந்து நின்று, பிறகுதான் புள்ளி விழும். ‘கொ’ வரும்போது முதலில் வந்த ‘க’ கொம்புக்கு வழிவிட்டு நகர்ந்து உட்காரும். மண்டபத்தில் பின்சுவர் முழுக்க சீரியல் விளக்கு மினுக்கினால் எந்தப் பட்டையும் காப்பாற்றாது. அப்போது வரியைச் சிறிதாக்கி ஓரத்தில் ஒளித்துவைப்பதைவிட, அந்தக் காட்சிக்கு எழுத்தே இல்லாமல் விட்டுவிடலாம்.