ஒரே நிரலில் ஒன்பது பகா எண்கள்

எரடோஸ்தனிஸ் சல்லடையை ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போது 1 முதல் 100 வரை, வரிக்குப் பத்தாக எழுதச் சொல்வது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் கட்டம் போட்ட நோட்டில் வரிக்கு ஆறாக, 120 வரை எழுதிப் பாருங்கள். அதே சல்லடைக்கு வேறொரு முகம் வந்துவிடுகிறது.

2-இன் மடங்குகளை அடிக்கும்போது இரண்டாம், நான்காம், ஆறாம் நிரல்கள் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் போகின்றன. 3-இன் மடங்குகளை அடித்தால் மூன்றாம் நிரலும் போகிறது. 2, 3 என்ற இரண்டும் அந்த நிரல்களின் தலையில் தனியே நிற்கும். மற்றபடி முதல் நிரலும் ஐந்தாம் நிரலும்தான் மிச்சம், மொத்தம் நாற்பது எண்கள். 120-ஐ எல்லையாக வைத்ததிலும் ஒரு நயம் உண்டு. 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121. ஆகவே 120 வரை 7-ஐத் தாண்டி எதையும் சோதிக்க வேண்டியதில்லை.

இனி 5-உம் 7-உம் மட்டும். 5 என்பது 6-க்கு ஒன்று குறைவு. அதனால் அதன் மடங்குகள் ஒரு வரி கீழே, ஒரு கட்டம் இடப்பக்கம் என்று சரிந்து இறங்கும். 7 ஒன்று கூடுதல், ஆகவே வலப்பக்கம் சரியும். 5-இன் சரிவு இடது ஓரத்தைத் தொட்டால் அதே வரியின் வலது ஓரத்துக்குத் தாவும்: 25-க்குப் பின் 30. 7-இன் சரிவு வலது ஓரத்தைத் தொட்டாலோ ஒரு வரியையே விட்டுவிட்டு, அதற்கடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போகும்: 84-க்குப் பின் 91. மீந்திருந்த நாற்பதில் 5 அடிப்பது ஏழே எண்கள்: 25, 35, 55, 65, 85, 95, 115. 7 அடிப்பது நான்கு: 49, 77, 91, 119. 1 பகா எண் அல்ல, அதையும் நீக்கினால் 28. தலையில் நிற்கும் 2, 3 சேர்த்து முப்பது பகா எண்கள்.

பிள்ளைகள் வழுக்கும் இடம் அந்த 84. ஒரு வரியை விட்டுத் தாவ வேண்டும் என்பதை மறந்து அடுத்த வரியிலேயே கையை வைத்தால் 85 வரும். அதை 5 ஏற்கெனவே அடித்திருக்கிறது. ‘சரியான கட்டத்துக்குத்தான் வந்திருக்கிறோம்’ என்று அது நம்ப வைத்துவிடும்! அங்கிருந்து சரிந்தால் 92, 99, 106, கடைசியில் 113. பாவம், அது உண்மையான பகா எண். இந்தப் பக்கம் 91-உம் 119-உம் தப்பித்துக்கொள்கின்றன. எண்ணிக்கை முப்பதுக்குப் பதில் முப்பத்தொன்று என்று வந்தால், ஆசிரியர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த ஓரம்தான்.

சல்லடை முடிந்ததும் மாயச் சதுரம். பகா எண்களை மட்டும் வைத்து மூன்றுக்கு மூன்று சதுரம் கட்ட வேண்டும். அப்படிப்பட்ட சதுரத்தில் நடு எண் கூட்டுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. எதிரெதிரே இருக்கும் ஒவ்வொரு சோடியும் நடு எண்ணிலிருந்து சம தூரத்தில் நிற்கும். 59-ஐ நடுவில் வைத்துச் சல்லடையில் சோடி தேடினால் ஐந்து கிடைக்கின்றன: 47-71, 29-89, 17-101, 11-107, 5-113. தூரங்கள் முறையே 12, 30, 42, 48, 54. தேவை நான்குதான். எதை விடுவது? இரண்டு தூரங்களை எடுத்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்தான் மற்ற இரண்டாக இருக்க வேண்டும். 42-உம் 12-உம் கூட்டினால் 54, கழித்தால் 30. எனவே 48 வெளியே, அதோடு 11-107 சோடியும் வெளியே.

17   89   71
113   59   5
47   29   101

எந்தப் பக்கம் கூட்டினாலும் 177. வெவ்வேறு பகா எண்களால் ஆன மூன்றுக்கு மூன்று சதுரத்தில் இதைவிடச் சிறிய கூட்டுத்தொகை கிடையாது.

இந்த ஒன்பது எண்களையும் சல்லடையில் வட்டமிடச் சொல்லுங்கள். ஒன்பதும் ஐந்தாம் நிரலிலேயே இருக்கும்! முதல் நிரலிலிருந்து ஒன்றுகூட இல்லை. எனக்கு இந்தச் செயல்திட்டத்தில் மிகவும் பிடித்த கணம் இதுதான்.

இது தற்செயலும் அல்ல. சம இடைவெளியில் நிற்கும் மூன்று எண்களின் இடைவெளி 3-ஆல் வகுபடாவிட்டால், அந்த மூன்றில் ஒன்று கட்டாயம் 3-இன் மடங்காக இருக்கும். 5, 9, 13 என்று எடுத்தால் 9 மாட்டிக்கொள்வது போல. 3 என்ற பகா எண்ணையே உள்ளே விட்டால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். மாயச் சதுரத்தில் 3-இன் மடங்கு ஒன்று வந்தால் குறைந்தது மூன்று வந்தே தீரும், பகா எண்களிலோ அப்படி இருப்பது ஒன்றே ஒன்று. ஒற்றை எண்களின் இடைவெளி இரட்டைதானே, ஆக எல்லாத் தூரங்களும் 6-இன் மடங்குகள். நடு எண் எந்த நிரலோ அந்த நிரலில்தான் மற்ற எட்டும்.

ஆங்கிலப் புதிர்க்காரர் ஹென்றி டியூட்னி 1917-இல் வெளியிட்ட நூலில் 111 என்ற கூட்டுத்தொகை கொண்ட சதுரம் ஒன்று இருக்கிறது. அதில் அவர் 1-ஐயும் பகா எண்ணாகச் சேர்த்துக்கொண்டார்.

67   1   43
13   37   61
31   73   7

இது முழுக்கச் சல்லடையின் முதல் நிரல். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஓரிலக்கமாக்கினால் இன்னொன்றும் தெரியும். டியூட்னியின் சதுரத்தில் மேலிருந்து கீழாக முதல் நிரல் முழுவதும் 4, அடுத்தது முழுவதும் 1, அதற்கடுத்தது 7. நம்முடைய 177 சதுரத்தில் இது படுக்கை வாட்டில் வரும்: மேல் வரி மூன்றும் 8, நடு வரி 5, கீழ் வரி 2.

இப்போது அந்த 84-இல் வழுக்கிய பிள்ளையிடம் திரும்புவோம். அவளிடம் 113 இல்லை, 5-க்குச் சோடி கிடைக்காது, 177 சதுரம் அமையாது. ஆனால் தப்பிவந்த 91-ஐ வைத்துக்கொண்டு இப்படி ஒன்றைக் கட்டிவிடலாம்:

97   31   73
43   67   91
61   103   37

எல்லாப் பக்கமும் 201. ஒரே நிரல் என்ற விதி பொருந்துகிறது, இலக்கக் கூட்டலும் 7, 4, 1 என்று ஒழுங்காக நிற்கிறது. கூட்டிப் பார்த்து மதிப்பெண் போடும் ஆசிரியர் முழு மதிப்பெண் போட்டுவிடுவார். 91 என்பது 7 பெருக்கல் 13 என்பதை இங்கே எந்தக் கூட்டலும் காட்டிக்கொடுக்காது. சதுரத்தைத் திருத்துவதற்கு முன் சல்லடையைத்தான் திருத்த வேண்டும்.

120-க்குள் முதல் சதுரத்தின் ஒன்பது எண்களைத் தவிர இன்னொரு ஒன்பதுக்கு மட்டுமே இடம் உண்டு. அதன் நடு எண் 71, கூட்டுத்தொகை 213, தூரங்கள் 12, 18, 30, 42. அதைக் கட்டும் வேலை உங்களுடையது.