சுவரொட்டிக்கு ஒரு பிராம்ப்ட்

கொட்டிவாக்கம் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அதைச் சொல்லும் 24 அங்குல அகலமும் 36 அங்குல உயரமும் கொண்ட சுவரொட்டிக்கு ஏஐ படம் வேண்டுமென்றால், பிராம்ப்ட் எழுதும் முன்பே அச்சுக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

1024×1536 பிக்சல் படம் இதே 2:3 விகிதம்தான். ஆனால் அந்த அளவுக்கு விரித்தால் அங்குலத்துக்கு 43 பிக்சல்கூடத் தேறாது. மென்பொருளால் நான்கு மடங்கு பெரிதாக்கினால் சுமார் 170 கிடைக்கும். ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்க்க அது போதும். பிராம்ப்டில் ‘8கே’ என்று எழுதுவதால் பிக்சல் கூடுவதில்லை.

பெரிதாக்கும்போது முதலில் கெடுவது நுண்விவரம். மணலும் நுரையும் புழு நெளிவதுபோல் ஆகிவிடும். எனவே, “ஒரே ஆமை, பெரிய உருவம், ஈர மணல் வழவழப்பாக, பின்னணியில் இருண்ட கடல்” என்று கேட்பது நல்லது. விவரம் ஓட்டில் மட்டும் குவியட்டும். பங்குனி ஆமையின் ஓட்டில் பக்கத் தகடுகள் பொதுவாக ஆறு இணை அல்லது அதற்கு மேல் இருக்கும். நான்கே வந்தால் அது வேறு ஆமை. பெரிய அச்சில் அந்தப் பிழை பளிச்சென்று தெரியும்.

அச்சகம் ஓரத்தை வெட்டும். அதற்காக ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் படம் வேண்டும். “துடுப்புகள் முழுதாக உள்ளே, கீழும் இரு பக்கங்களிலும் வெறும் மணல், மேல் மூன்றில் ஒரு பங்கு வெற்று வானம்” என்றும் சேர்க்க வேண்டும். தமிழ் எழுத்துகளை அந்த வானத்தில் பின்னர் தனியாக அமைப்பதே சரி.