பூச்சியத்தில் நிற்கும் கடை

திருகோணமலை மத்திய வீதியிலோ வடகரை வீதியிலோ ஒரு பலசரக்குக் கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் “நட்டமில்லாமல் ஓடுது” என்பார். அந்தப் பதிலுக்குள் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, கொப்பியில் எழுதும் கணக்கு. மற்றது, எழுதப்படாமல் மனதில் மட்டும் ஓடும் கணக்கு. முதலாவதைக் கணக்கீட்டு இலாபம் என்கிறோம், இரண்டாவதைப் பொருளியல் இலாபம் என்கிறோம். ஒவ்வொன்றும் எதற்கு உதவுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதை ஒரு கடையை வைத்துப் பார்க்கலாம். கீழே வரும் கடையும் அதன் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை.

மாத விற்பனை 15 இலட்சம் ரூபாய். விற்ற சாமான்களின் கொள்விலை 13 இலட்சத்து 20 ஆயிரம். வேலையாளின் சம்பளம், மின்சாரம், ஏற்றுகூலி எல்லாம் சேர்ந்து 70,000. மிச்சம் 1,10,000 ரூபாய். இதுதான் கொப்பி காட்டும் இலாபம்.

இந்தக் கணக்கை யாரும் சரிபார்க்கலாம் என்பது அதன் பெரிய பலம். பற்றுச்சீட்டு இருக்கிறது, மின்பட்டியல் இருக்கிறது. வரி கேட்பவரும் கடன் கொடுக்கும் வங்கியும் இதைத்தான் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் மொத்த வியாபாரிக்குக் கட்டக் காசு இருக்குமா என்று கணிக்கவும் இதுதான் அடிப்படை.

ஆனால் காசு கைமாறாத செலவு எதையும் கொப்பி அறியாது. கட்டடம் தகப்பன் விட்டுச்சென்றது, அதனால் வாடகை இல்லை. வாடகைக்கு விட்டால் மாதம் 35,000 வரும் என்று கொள்வோம். முதலாளி காலை 6 மணிக்குக் கதவு திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிறார். தனக்கென்று அவர் சம்பளம் எழுதுவதில்லை. வேறொரு கடையை முகாமை செய்யப் போனால் 55,000 கிடைக்கும். தட்டில் இருக்கும் சாமான், குளிரூட்டி, தராசு எல்லாவற்றிலும் அவருடைய சொந்தக் காசு 30 இலட்சம் முடங்கியிருக்கிறது. அதை 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டிருந்தால் மாதம் 20,000 வந்திருக்கும். கைவிட்ட இந்த மூன்று வரவுகளும் சேர்ந்து 1,10,000. பொருளியல் பாடத்தில் இதை அமையச் செலவு என்பார்கள். கொப்பியின் இலாபத்திலிருந்து இதைக் கழித்தால் விடை பூச்சியம்.

இந்தக் கழித்தல் வெறும் ஏட்டுச் சுரைக்காயா? பக்கத்தில் அதே விற்பனை, அதே விலை, அதே உழைப்போடு ஒரு வாடகைக் கடை இருப்பதாக வையுங்கள். அவர் மாதம் 35,000 வாடகை கட்டுவதால் அவருடைய கொப்பி 75,000 தான் காட்டும். கொப்பிகளை மட்டும் பார்த்தால் முதலாமவர் கெட்டிக்கார வியாபாரி, இரண்டாமவர் கெட்டித்தனம் குறைந்தவர். உண்மையில் இருவரும் ஒரே வியாபாரத்தைத்தான் செய்கிறார்கள். முதலாமவர் காண்பதில் 35,000 அவருடைய கட்டடத்தின் வரவு, கடையின் வரவல்ல. அமையச் செலவைக் கழித்தால் இருவருக்கும் பூச்சியம்தான். வியாபாரத்தின் திறனை உடைமையின் வரவிலிருந்து பிரித்துக் காட்டுவது பொருளியல் கணக்கின் பலம்.

பூச்சியம் என்றால் கடையை மூட வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். மூடினால் அவருக்கு என்ன கிடைக்கும்? வாடகை 35,000, சம்பளம் 55,000, வட்டி 20,000. கடையை நடத்தும்போது கிடைக்கும் அதே 1,10,000. ஆகவே போவதற்குக் காரணமே இல்லை. பூச்சியம் என்பது வேலையாளுக்கும் மொத்த வியாபாரிக்கும் மட்டுமல்ல, முதலாளியின் உழைப்புக்கும் இடத்துக்கும் காசுக்கும் உரிய கூலி வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். அந்தக் கூலியைத்தான் சாதாரண இலாபம் என்கிறோம்.

போட்டியுள்ள தொழில் நாளடைவில் இந்தப் புள்ளிக்கு வருவதற்கும் காரணம் உண்டு. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் கூடி, ஒரு கடைக்கு இந்தக் கூலிகளுக்கு மேலாகவும் மிஞ்சத் தொடங்கினால் பக்கத்தில் இன்னொரு கடை முளைக்கும். விலை இறங்கும். இடத்துக்குக் கேள்வி கூடி வாடகையும் ஏறும். உபரியின் ஒரு பகுதி வாடிக்கையாளருக்கும் மறுபகுதி கட்டடக்காரருக்கும் போய்விடும். பூச்சியத்துக்குக் கீழே விழுந்தால் சிலர் விலகுவார்கள், எஞ்சியவர்களின் விற்பனை கூடும்.

இனி இந்தக் கணக்கின் குறையைப் பார்ப்போம். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அதே மாதம் மத்திய வங்கி தன் கடன் வசதி வட்டியை 14.5 வீதமாக உயர்த்தியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் குறுங்காலத் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தையும் தாண்டியது, வங்கி வைப்புகளுக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். நம் கடையின் மற்ற எண்களை அப்படியே வைத்து வைப்பு வட்டியை மட்டும் 24 வீதமாக்கினால், முடங்கிய 30 இலட்சத்தின் கூலி மாதம் 60,000 ஆகிறது. பொருளியல் இலாபம் 40,000 ரூபாய் நட்டமாக மாறுகிறது. கடைக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை, கொப்பியும் அதே 1,10,000 ஐக் காட்டுகிறது.

அப்படியானால் அன்று சாமானை விற்று வைப்பில் போட்டவர்தான் புத்திசாலியா? அவசரப்படக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். 24 வீத வட்டி வாங்கிய காசின் பெறுமதி உண்மையில் கரைந்துகொண்டிருந்தது. தட்டில் இருந்த சாமானின் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. வட்டியை மட்டும் சேர்த்து, கையிருப்பின் விலையேற்றத்தை விட்டுவிட்டால் பொருளியல் கணக்கும் பொய் சொல்லும்.

கொப்பி வேறு விதமாகப் பொய் சொன்னது. 8,000 ரூபாய்க்கு வாங்கிய அரிசி மூடையை 9,000 க்கு விற்றால் அது 1,000 ரூபாய் இலாபம் என்று எழுதும். மறுமூடை 9,500 ஆகிவிட்டால் அந்த இடத்தை நிரப்பக் கையிலிருந்து இன்னும் 500 போட வேண்டும். அந்த 1,000 ஐ வீட்டுச் செலவுக்கு எடுத்தவர் முதலைத்தான் சாப்பிட்டிருக்கிறார். சீனக்குடாவில் அரைபடும் கோதுமை மாவுக்கும் இதுதான் கதி. ஆலை நம்மூரில் இருந்தாலும் கோதுமை டொலருக்கு வருகிறது. இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரு வழி, காசை எண்ணுவதோடு மூடைகளையும் எண்ணுவது. காசு கூடிக்கொண்டே போக மூடைகள் குறைந்தால் கொப்பியின் இலாபத்தை நம்பக் கூடாது.

பொருளியல் கணக்கின் இன்னொரு பலவீனம், மாற்று வழியை நாமே ஊகிக்க வேண்டியிருப்பது. 55 வயதுக்காரருக்கு 55,000 ரூபாய் வேலையை உண்மையில் யார் கொடுப்பார்? பிற்பகலில் கல்லாவில் இருக்கும் மனைவியின் நேரத்துக்கு ஊரில் வேறு வேலை உண்டா? கிடைக்காத சம்பளத்தை எழுதினால் நல்ல கடையும் நட்டக் கடையாகத் தெரியும். அதற்காக அந்த இடத்தில் பூச்சியம் எழுதுவதும் தவறு. மனைவி வீட்டில் தையல் தைத்து மாதம் 10,000 உழைக்க முடியுமென்றால் அந்த 10,000 ஐ எழுத வேண்டும். முடங்கிய காசுக்கும் இதே விதி. சாமானுக்குக் கொடுத்த 30 இலட்சத்தை அல்ல, இன்று கடையைக் கலைத்தால் கைக்கு வரும் தொகையைத்தான் எடுக்க வேண்டும். பழைய குளிரூட்டியும் திகதி நெருங்கிய பிஸ்கட்டும் கொடுத்த விலைக்குப் போகா. கலைத்தால் 22 இலட்சம்தான் தேறுமென்றால் 24 வீதத்திலும் கூலி 44,000 தான், நட்டமும் 24,000 ஆகச் சுருங்குகிறது. அந்த வட்டி ஓரிரு ஆண்டுதான் நிற்கும் என்று நினைத்தவர், வாடிக்கையை விட்டுப் பிறகு மறுபடி தொடங்கும் செலவையும் எண்ணியிருந்தால், பொறுத்திருந்தது சரியான முடிவே. 2024 முடிவில் மத்திய வங்கியின் கொள்கை வட்டி 8 வீதமாக இறங்கியிருந்தது.

ஆகவே கொப்பியைக் கைவிடச் சொல்ல மாட்டேன். நாளாந்தம் கடையை நடத்த அதுவே வேண்டும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரைப் புத்தாண்டுக்குப் புதுக் கொப்பி போடும் வேளையில், பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள் எழுத வேண்டும்: இந்த இடத்துக்கு இன்று என்ன வாடகை, என் உழைப்புக்கு உண்மையாகவே யார் என்ன தருவார், கடையைக் கலைத்தால் வரும் காசுக்கு என்ன வட்டி. கூட்டுத்தொகை ஆண்டு இலாபத்துக்குச் சமமாக வந்தால் “நட்டமில்லாமல் ஓடுது” என்பதை அவர் நிம்மதியாகச் சொல்லலாம். இலாபம் அதைவிடத் தொடர்ந்து மூன்று நான்கு ஆண்டுகள் குறைவாக வந்தால், கடை அவரைத் தாங்கவில்லை, தகப்பனின் கட்டடமும் அவருடைய உழைப்பும்தான் கடையைத் தாங்குகின்றன.