சிரிஞ்ச் பம்பின் ‘டோஸ் முறை’: ஒரு பரிசோதனை

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று சாதாரணமாகிவிட்ட சிரிஞ்ச் பம்ப், மருந்தை மணிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று தள்ளிக்கொண்டிருக்கும் பழைய கடமையோடு நில்லாமல், நோயாளியின் எடையையும் மருந்தின் செறிவையும் டாக்டர் எழுதிய டோஸையும் கேட்டுப் பெற்று, வேகத்தைத் தானே நிர்ணயிக்கும் ‘டோஸ் முறை’ என்ற வசதியையும் இப்போது பெற்றிருக்கிறது. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த அத்தகைய பம்ப் ஒன்றை நோயாளியிடம் கொண்டுபோவதற்கு முன் மேஜைமேல் வைத்துப் பரிசோதித்தும், பின்னர் இரவு பகல் பணியில் உபயோகித்தும் நான் கண்டவற்றை, இதே யந்திரத்தோடு பழக வேண்டிய செவிலியர்களுக்காக எழுதுகிறேன்.

பம்பின் புறத் தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திரை இருட்டிலும் தெளிவாகத் தெரிகிறது. விசைகள் கையுறை அணிந்த விரலுக்கும் இணங்குகின்றன. மின்சாரம் நின்றால் பாட்டரி தயக்கமின்றிப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. பரிசோதனைக்கு உரியது அதன் கணக்குத்தான்.

ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு நோயாளிக்கு, கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் வீதம் டோபமின் கொடுக்கும்படி உத்தரவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆம்பூல் ஒன்றில் 5 மில்லிலிட்டர். அதில் 200 மில்லிகிராம் மருந்து. அதை 50 மில்லிலிட்டர் சிரிஞ்சில் எடுத்து, 45 மில்லிலிட்டர் நார்மல் சலைன் சேர்த்து மொத்தம் 50 ஆக்கினால், ஒரு மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம் இருக்கும். மொத்தம் 50 என்பதில் கவனம் வேண்டும். 50 மில்லிலிட்டர் சலைனோடு ஆம்பூலைச் சேர்த்தால் அளவு 55 ஆகி, செறிவு 3.64 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். யந்திரமோ அதை அறியாமல் 4 என்றே கணக்கிடும். இனி வேகம்: நிமிடக் கணக்கை மணிக் கணக்காக்க அறுபதால் பெருக்கி, செறிவால் வகுக்க வேண்டும்.

5 × 50 × 60 ÷ 4000 = 3.75

மணிக்கு 3.75 மில்லிலிட்டர் என்பது, அறுபது துளிக்கு ஒரு மில்லிலிட்டர் விழும் மைக்ரோ டிரிப் செட்டில்கூட நிமிடத்துக்கு நான்கு துளிக்கும் குறைவு. அத்தனை சிறு அளவைத் திருகாணியை உருட்டிக் கட்டுப்படுத்த எந்தக் கையாலும் இயலாது என்பதால்தான் இந்தப் பம்ப் நமக்கு அவசியமாகிறது. விவரங்களைச் சரியாகக் கொடுத்தபோது இந்தப் பம்பும் அதே விடையைத்தான் தந்தது. திரையில் தசமத்துக்குப் பின் ஓரிடமே உள்ளதால் 3.8 என்று காட்டியது. அந்த வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதன்று.

பொருட்படுத்த வேண்டிய விஷயம் வேறு. டோஸ் முறையில் திரையின் நடுவே பெரிய எழுத்தில் தெரிவது நாம் கேட்ட டோஸ். நோயாளியின் நாளத்துக்குள் உண்மையில் செல்லும் வேகமோ ஓரத்தில் சிறிய எழுத்தில் நிற்கிறது. முந்தைய நோயாளியின் எடையாகிய 80 கிலோவைப் பம்ப் நினைவில் வைத்திருந்து, நாம் அதை மாற்றாமல் விட்டுவிட்டால், மருந்து மணிக்கு 6 மில்லிலிட்டராக, அதாவது உத்தரவிட்டதைவிட அறுபது சதவீதம் அதிகமாகச் செல்லும். நடுவிலுள்ள பெரிய எண்ணோ அப்போதும் 5 என்றே இருக்கும். நான் பரிசோதித்த பம்ப், பழைய எடையைக் காட்டிவிட்டு, அதை உறுதி செய்யும்படி ஒரேயொரு தடவை கேட்கிறது. அவசர வேளையில் அந்தக் கேள்வியை விரல் தானாகவே கடந்துபோவது எளிது. புதிய நோயாளி என்றதும் எடையின் இடத்தை அது வெறுமையாக்கியிருக்க வேண்டும். இதை இக்கருவியின் முதன்மையான குறையாகக் கருதுகிறேன்.

டோபமினை இரத்த அழுத்தத்தைப் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பதால், எடைப் பிழை உடனே வெளிப்படுவதில்லை. அழுத்தம் நன்றாக இருக்கிறதென்று எல்லோரும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். பம்பை மாற்றும்போதுதான் விபரீதம் தெரியும். “சிஸ்டர், டோபமின் ஐந்தில் போகிறது” என்று ஒருவர் பணி ஒப்படைக்க, அடுத்தவர் சரியான எடையை இட்டுப் புதிய பம்பிலும் ஐந்தையே வைக்க, மணிக்கு 6 மில்லிலிட்டர் பெற்றுவந்த நோயாளிக்குத் திடீரென்று 3.75 மட்டுமே கிடைக்கிறது. டோபமினின் பலன் சில நிமிஷங்களுக்குள் மறைந்துவிடும் இயல்புடையதாதலால் அழுத்தம் உடனே சரிகிறது. காரணமோ எவருக்கும் விளங்குவதில்லை. ஒப்படைக்கும்போது டோஸோடு மில்லிலிட்டர் வேகத்தையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இந்த அபாயத்தைப் பெரும்பாலும் தவிர்க்கும்.

அலகுகளின் பட்டியலில் `mcg/kg/min`, `mcg/kg/h` இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. கைதவறி இரண்டாவதைத் தேர்ந்தால் அளவு அறுபதில் ஒரு பங்காகி, வேகம் 0.06 மில்லிலிட்டருக்கு இறங்கிவிடும். இந்தப் பம்ப் 0.1க்குக் கீழே ஓட மறுப்பதால் அப்பிழை அங்கேயே அகப்பட்டுவிடுகிறது. ஆனால் மணிக் கணக்கில் எழுதப்பட்ட வேறொரு மருந்துக்கு நிமிட அலகைத் தேர்ந்தால் அளவு அறுபது மடங்காகும். மருந்துப் பட்டியலில் அதற்கு உச்ச வரம்பு இட்டுவைத்திருந்தாலன்றி யந்திரம் அதைத் தடுக்காது.

கணக்கு முழுவதும் சரியாயிருந்தும் அளவு பிறழக்கூடிய இன்னோர் இடம் உண்டு. பம்ப் மில்லிலிட்டரை அளப்பதில்லை. சிரிஞ்சின் தண்டை எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்பதையே அது அறியும். அந்தத் தூரத்தைக் கொள்ளளவாக மாற்ற, நாம் தேர்ந்த சிரிஞ்ச் கம்பெனியின் உள்விட்டத்தை அது நம்பியிருக்கிறது. 50 மில்லிலிட்டர் சிரிஞ்சுகளெல்லாம் ஒரே விட்டமுள்ளவை அல்ல. உள்விட்டம் 27 மில்லிமீட்டர் என்று பம்ப் எண்ணியிருக்க, மாட்டியது 29 மில்லிமீட்டர் சிரிஞ்சாயின், பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், ஏறக்குறைய பதினைந்து சதவீதம் அதிக மருந்து செல்லும். இதைக் கண்டுபிடிக்கும் உபாயம் எளியது: நான்கு மணி நேரத்தில் 15 மில்லிலிட்டர் குறைந்து சிரிஞ்சில் 35 எஞ்சியிருக்க வேண்டும், கோடு 33க்கும் கீழே நின்றால், திரை எதைச் சொன்னாலும், சிரிஞ்சின் பெயரைச் சரிபார்க்க வேண்டும்.

குழாய் அடைபட்டால் வரும் எச்சரிக்கை ஒலியும் இந்த மெதுவான வேகத்தில் தாமதித்தே வருகிறது. அதற்குள் குழாயில் அரை மில்லிலிட்டர் அழுத்தத்தோடு தேங்கியிருக்குமானால், அது எட்டு நிமிஷத்துக்குரிய மருந்து. ஒலி கேட்டதும் கிளாம்பைத் திறப்பவர் அவ்வளவையும் ஒரே கணத்தில் நாளத்துக்குள் விட்டுவிடுகிறார். நோயாளியின் பக்கத்து இணைப்பைக் கழற்றி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அடைப்பை நீக்க வேண்டும். அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு சில பம்புகளில் உண்டு, இதில் இல்லை. புதிய சிரிஞ்சை மாட்டும்போதும், நோயாளியோடு இணைக்குமுன் `PURGE` விசையை அழுத்திக் குழாயின் முனையில் மருந்து தோன்றும்வரை ஓட்டிவிட வேண்டும். ஒரு மில்லிலிட்டர் கொள்ளும் குழாய் வெறுமையாக இருந்தால், மருந்து முனைக்கு வந்து சேரப் பதினாறு நிமிஷமாகும்.

ஆகவே என் தீர்ப்பு இது: இந்தப் பம்பின் இயக்கம் நம்பத்தக்கது, கணக்கும் பிழையற்றது; தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இதை வாங்கலாம். ஆனால் எடையைத் தானே அழித்துக்கொள்ளாத குறையும், வேகத்தைச் சிறிய எழுத்தில் காட்டும் குறையும் உள்ளவரையில், தொடக்க விசையை அழுத்துமுன் மேலே சொன்ன வாய்பாட்டைக் கையால் போட்டு, திரையின் ஓரத்திலுள்ள மில்லிலிட்டர் எண்ணோடு ஒப்பிட்டு, இன்னொரு செவிலியரையும் தனியே கணக்கிடச் சொல்லிய பின்னரே மருந்தை ஓடவிடுங்கள்.