ஆழத்தில் இல்லை தீர்வு

பெரிய பாத்திரம் புழங்கும் வீடு என்றதும் கடைக்காரர் எடுத்துக் காட்டுவது 10 அங்குல ஆழமுள்ள சிங்க். அண்டாவும் குக்கரும் உள்ளே அடங்கும், தண்ணீர் மேலே தெறிக்காது என்பார். தெறிப்பைப் பற்றி அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஆழத்துக்கான விலையைத் தேய்ப்பவரின் முதுகு கொடுக்கிறது.

நம் சமையல் மேடை பெரும்பாலும் 33 அங்குல உயரம். அதில் 10 அங்குலம் இறங்கினால் தொட்டியின் அடித்தளம் தரையிலிருந்து 23 அங்குலத்தில் இருக்கும். 5 அடி உயரமுள்ள பெண்ணின் முழங்கை சுமார் 37 அங்குலத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட 14 அங்குலம் கீழே கையை இறக்கி, கனமான பாத்திரத்தைப் புரட்டித் தேய்க்க வேண்டும். குனியாமல் முடியாது. கிரானைட்டுக்கு அடியில் பொருத்தும் சிங்க்கில் கல்லின் கனமும் ஆழத்தோடு சேர்ந்துகொள்ளும்.

வீட்டிலிருந்தே சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். அங்கே தினமும் கழுவுவது 14 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட அண்டா. 30 லிட்டர் கொள்ளும். இதை நிற்க வைத்து மட்டும் கழுவ முடியாது, சாய்த்து உருட்ட வேண்டும். அப்போது கணக்கில் வருவது உயரம் அல்ல, மூலைக்கு மூலை நீளம். அது 18½ அங்குலத்தை நெருங்கும். தொட்டியின் அடியிலிருந்து குழாய் வாய்வரை 19 அங்குலமாவது இருந்தால்தான் அண்டா இடிக்காமல் திரும்பும். 8 அங்குலத் தொட்டிக்கு, விளிம்பிலிருந்து 11 அங்குலம் மேலே குழாய் வாய் இருந்தாலே இந்த இடைவெளி கிடைத்துவிடும். ஆழத்தால் வாங்க நினைத்த வசதியை உயரத்தால் வாங்குகிறோம். முதுகுக்கு 2 அங்குலம் மிச்சம்.

குழாய் உயர்ந்தால் தெறிப்பும் கூடும் என்ற குறை நியாயமானது. வாயில் சல்லடை பொருத்தி, தண்ணீர் நேராகச் சுவரோரத்தில் விழாமல் தொட்டியின் நடுப்பக்கம் விழும்படி நீளமான, திரும்பும் மூக்கு வைத்தால் அது வெகுவாகக் குறையும். முழுக்க நீங்காது.

அகலத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிங்க்கில் எழுதியிருப்பது வெளி அளவு. 24-க்கு 18 என்றால் உள்ளே இரண்டு மூன்று அங்குலம் குறையும். இரட்டைத் தொட்டி பார்க்க வசதி, ஆனால் ஒவ்வொரு பாதியிலும் இந்த அண்டா சிக்கிக்கொள்ளும். ஒற்றைத் தொட்டியாக 30-க்கு 20 இதற்கு ஏற்றது என்பேன். ஒரு சிக்கல் உண்டு: 24 அங்குல ஆழமுள்ள மேடையில் 20 போனால் பின்னால் குழாய் நட இடமில்லை. சுவர்க் குழாய்தான் வழி. ஓடு பதிக்கும் முன்பே அதன் உயரத்தைச் சுவரில் குறித்து, குழாய் வேலைக்காரரிடம் காட்டிவிட வேண்டும்.