கேள்விகளுக்கு முன் வாசிக்கப்படும் தாள்

விபத்துக்குப் பிறகு நடக்கும் செய்தியாளர் சந்திப்பில் பலரும் கேள்வி நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். எனக்கோ அதற்கு முந்தைய சில நிமிடங்கள்தான் முக்கியம். பேச வந்தவர் தாளைப் பார்த்து வாசிக்கும் தொடக்க அறிக்கையில்தான் அந்தத் தொழிலின் முழு நுட்பமும் இருக்கிறது. கேள்விகள் தொடங்கியபின் சமயோசிதம் கைகொடுக்கும். தாளில் இருப்பதோ யோசித்து, அடித்து, திருத்தி எழுதியது. அங்கே நழுவும் ஒரு சொல்லுக்குச் சாக்கு சொல்ல முடியாது.

இதில் நான் மிகவும் மதிப்பது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தை. விபத்து ஏன் நடந்தது என்று கண்டுபிடித்துப் பரிந்துரை செய்வதுதான் அதன் வேலை. யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. சொல் நம்பப்பட்டால்தான் அந்தப் பரிந்துரைக்கு மதிப்பு. அதனால் அவர்களுடைய தொடக்க அறிக்கைக்கு நிலையான ஓர் ஒழுங்கு உண்டு. நான் யார், இழந்தவர்களுக்கு ஆறுதல், இன்று என்ன செய்தோம், கையில் என்ன கிடைத்தது, நாளை என்ன செய்வோம் என்று வரிசையாக வரும். காரணம் என்ன என்பது மட்டும் அதில் இருக்காது.

2024 மார்ச் 26 அதிகாலை, பால்டிமோர் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் மின்சாரத்தை இழந்து, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் சரிந்தது. மேலே சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் ஆறு பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்த 21 மாலுமிகளில் இருபது பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர். மறுநாள் மாலை வாரியத் தலைவர் ஜெனிபர் ஹோமண்டி செய்தியாளர்கள் முன் வந்தபோது, இறந்தவர்களில் நான்கு பேரின் உடல்கள் இன்னும் ஆற்றுக்குள் இருந்தன. வழக்கமாக வாரிய உறுப்பினர்தான் பேசுவார், விசாரணையாளர்கள் பின்னால் நிற்பார்கள். அன்று ஹோமண்டி, விசாரணைக்குப் பொறுப்பேற்ற மார்செல் மியூசை அழைத்து, கப்பலின் பயணப் பதிவுக்கருவியில் இருந்ததை வாசிக்கச் சொன்னார்.

அந்த வாசிப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இரவு 12.39 மணிக்குக் கப்பல் முனையத்தை விட்டுக் கிளம்புகிறது. 1.24.59-க்குக் கப்பலின் கட்டளை மேடையில் பல எச்சரிக்கை மணிகள் ஒலிப்பது பதிவாகியிருக்கிறது. அதே சமயத்தில் கருவிகளின் தகவல் நின்றுபோகிறது. ஒலிப்பதிவு மட்டும் மாற்று மின்சாரத்தில் தொடர்கிறது. 1.26.02-க்குத் தகவல் திரும்புகிறது. இடைப்பட்ட அந்த ஒரு நிமிடத்தில் சுக்கானுக்கான கட்டளைகள் ஒலிப்பதிவில் கேட்கின்றன என்றார் மியூஸ். கவனியுங்கள், “கட்டளைகள் கேட்கின்றன” என்பதோடு நிறுத்திக்கொண்டார். சுக்கான் திரும்பியதா என்று சொல்லவில்லை. தகவல் நின்றுபோன நேரம் அது. ஒலியை வைத்துக்கொண்டு சுக்கானைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

1.26.39-க்குத் துறைமுக பைலட் அருகிலுள்ள இழுவைப் படகுகளை வானொலியில் அழைக்கிறார். 1.27.04-க்கு இடப்பக்க நங்கூரத்தை இறக்கச் சொல்கிறார். 1.27.25-க்கு, கப்பல் முழு மின்சாரத்தையும் இழந்து பாலத்தை நெருங்குகிறது என்று அறிவிக்கிறார். ஏறக்குறைய அதே நேரத்தில் பாலத்தின் இரு முனைகளிலும் இருந்த காவல் வண்டிகளுக்குப் போக்குவரத்தை நிறுத்த உத்தரவு போகிறது. 1.29-க்குக் கப்பலின் வேகம் ஏழு நாட்டுக்குச் சற்றுக் குறைவு. அப்போதிருந்து 1.29.33 வரை, பாலத்தோடு மோதுவதற்கு ஒத்துப்போகும் ஓசைகள் பதிவாகியிருக்கின்றன. காவல் வண்டியின் கேமராவில் பாலத்தின் விளக்குகள் அணைவது தெரிகிறது. 1.29.39-க்குப் பாலம் விழுந்துவிட்டதாகக் கடலோரக் காவல்படைக்குத் தகவல் போகிறது.

பாலம் விழுந்ததை உலகமே காணொளியில் பார்த்துவிட்டது. அப்படியிருந்தும் ‘1.29.33-க்கு மோதியது’ என்று அவர் வாசிக்கவில்லை. ஒலிவாங்கிக்குக் கேட்டது ஓசை மட்டும்தான், அதனால் ஓசையைச் சொன்னார். விளக்கு அணைந்ததைக் கேமரா பார்த்தது, அதனால் அதைக் கேமராவின் கணக்கில் எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதைச் சொல்லும் சாட்சி பக்கத்திலேயே நிற்கிறது. நாளைக்கு ஏதாவது ஒரு கருவியின் கடிகாரம் பிசகியிருந்தது தெரியவந்தால், அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் போதும், மற்றவை அசையாது. குரலில் அழுத்தம் இல்லை, அடைமொழி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மணிகள் ஒலித்ததிலிருந்து அந்த ஓசை வரை நாலரை நிமிடம்தான் என்பதைக் கேட்பவர் தாமாகவே கணக்கிட்டுக்கொண்டு கலங்கிப்போவார்.

சாட்சியில்லாத வாக்கியம் என்ன செய்யும் என்பதற்குக் காணாமல்போன எம்எச்370 விமானம் இருக்கிறது. 2014 மார்ச் 8 காலை மலேசிய விமான நிறுவனம் வெளியிட்ட முதல் அறிக்கை, விமானத்துடன் தொடர்பு அறுந்தது 2.40 மணிக்கு என்றது. உண்மையில் 1.21-க்கே அது போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் திரையிலிருந்து மறைந்துவிட்டது. விமானியறையிலிருந்து வந்த கடைசி வார்த்தைகள் என்று முதலில் சொல்லப்பட்டதும் சில வாரங்களில் மாறியது. 2.40 என்ற நேரம் எந்தக் கருவியிலிருந்து, யார் சொல்லி வந்தது என்ற விவரம் அந்த வாக்கியத்தில் இல்லை. அதனால் நேரம் மாறியபோது, வேறு எதுவெல்லாம் மாறுமோ என்று பயணிகளின் குடும்பங்கள் அஞ்சின. அந்த அச்சத்தைப் பின்னால் வந்த எந்த விளக்கமும் தணிக்கவில்லை.

சாட்சியோடு பேசுவது மட்டும் போதுமா என்றால், போதாது. 2013 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா 214 விமானம் ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கடல்சுவரில் மோதியது. மறுநாளே அப்போதைய வாரியத் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் பதிவுகளை எடுத்துவைத்தார். தரையிறங்க வேண்டிய வேகம் 137 நாட், விமானத்தின் வேகம் அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது; வேகத்தைக் கூட்டச் சொன்ன குரல் மோதலுக்கு ஏழு விநாடி முன்பு; மீண்டும் மேலே எழும்பச் சொன்னது ஒன்றரை விநாடி முன்பு. ஒவ்வொன்றும் கருவி சொன்னதுதான். ஆனால் வரிசையாகக் கேட்டவர் யாரும் விமானிகள்மேல் விரல் நீட்டாமல் எழுந்திருக்க முடியாது. விமானிகள் சங்கம் உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. ஹெர்ஸ்மனின் துணிவை நான் மதிக்கிறேன், வதந்தியைவிடப் பதிவு மேல் என்ற அவர் கட்சிதான் நானும். என்றாலும் பொறுக்கி அடுக்குவதிலேயே தீர்ப்பு நுழைந்துவிடும் என்ற சங்கத்தின் கவலை நியாயமானது. மியூசின் தாள் இதிலும் தப்பியது. மணி ஒலித்ததும் அதில் உண்டு, மனிதர்கள் அதற்கு என்ன செய்தார்கள் என்பதும் உண்டு. நங்கூரம், இழுவைப் படகு, போக்குவரத்தை நிறுத்திய உத்தரவு எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கின்றன.

பாலம் விழுந்த அந்த நாட்களில் கலப்பட எரிபொருள் என்றும் சதி என்றும் ஊகங்கள் பறந்துகொண்டிருந்தன. மின்சாரம் ஏன் போனது என்பதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை. இருபது மாதம் கழித்து, 2025 நவம்பரில் வாரியம் காரணத்தை அறிவித்தது. மின்பலகையில் ஒரு கம்பியின் அடையாளப் பட்டை சரியாகப் பொருத்தப்படாததால், கம்பி அதற்குரிய துளைக்குள் முழுதாக நுழையாமல் தளர்ந்திருந்தது.