நான்கு கம்பிகளில் இரண்டு

பொது இடத்து யுஎஸ்பி போர்ட்டில் போனைச் செருகினால் வங்கிக் கணக்கு காலியாகிவிடும் என்ற எச்சரிக்கை அடிக்கடி சுற்றுக்கு வருகிறது. 2023இல் அமெரிக்காவின் எஃப்பிஐ இப்படிப்பட்ட சார்ஜிங் இடங்களைத் தவிர்க்கச் சொன்னது. ரிசர்வ் வங்கியின் விழிப்புணர்வுக் கையேடும் இதைச் சொல்கிறது. ஆனால் ஆபத்து எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பது மக்களைச் சென்றடைவதில்லை. பயம் மட்டுமே போய்ச் சேர்கிறது.

சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சுவரில் தெரியும் போர்ட்டுக்குப் பின்னால் இருப்பது வெறும் சார்ஜரா, சிறு கணினியா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. 2011இல் டெஃப்கான் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் வைக்கப்பட்ட இலவச சார்ஜிங் பெட்டி இதைத்தான் காட்டியது. பாதுகாப்பு வல்லுநர்களே யோசிக்காமல் போனைச் செருகினார்கள்.

அதன்பின் போன்கள் மாறின. 2013இல் ஐபோன் "Trust This Computer?" என்று கேட்கத் தொடங்கியது. ஆண்ட்ராய்டும் நாம் அனுமதிக்கும்வரை மின்சாரத்தை மட்டும் எடுக்கும்படி மாறியது. ஆகவே செருகியவுடன் எல்லாம் பறிபோகும் என்பது இன்று மிகை.

ஆனால் அந்தக் கேள்விக்கு நமக்குப் பதிலாக வேறொருவர் விடை சொல்ல முடிந்தால்? ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் அதைச் செய்து காட்டினார்கள். அவர்களுடைய சார்ஜர் முதலில் தன்னை விசைப்பலகை என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பிறகு கணினியாக மாறி அனுமதி கேட்கிறது. திரையில் வரும் கேள்விக்குச் 'சரி' என்று அதுவே அழுத்திவிடுகிறது. இதைத் தடுக்க ஆப்பிளும் கூகுளும் கடவுச்சொல் அல்லது கைரேகை கேட்கும்படி மாற்றின. அப்டேட் வராத பழைய போன்களுக்கு இந்தக் காவல் கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள்தான் உண்மையில் கவலைப்பட வேண்டியவர்கள். 'யுஎஸ்பி டீபக்கிங்' வசதியைத் திறந்துவைத்து மறந்துபோனவர்களும் உடனே அதை அணைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் ஓர் அறிகுறி உண்டு. வெறும் சார்ஜரில் போட்டால் சார்ஜ் ஏறுவது மட்டுமே தெரியும். மறுமுனையில் கணினி இருந்தால் "Charging this device via USB" போன்ற அறிவிப்பு வரும். சுவர் போர்ட்டில் அது வந்தால் உடனே கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். யாரோ விட்டுச்சென்ற கேபிளையும் தொட வேண்டாம். கேபிளுக்குள்ளேயே சிப் பொருத்திய போலிகள் விற்கின்றன.

தகவல் கம்பிகளைத் துண்டித்துவிடும் 'டேட்டா பிளாக்கர்' நன்றாக வேலை செய்யும். ஆனால் சார்ஜர் எவ்வளவு மின்சாரம் தரும் என்பதைப் பல போன்கள் அதே கம்பிகள் வழியாகத்தான் அறிகின்றன. அதனால் சில பிளாக்கர்களில் சார்ஜ் மெதுவாக ஏறும். அதைவிட எளிது, சொந்த சார்ஜரைப் பிளக் பாயிண்டில் போடுவது. அந்த வழியில் மின்சாரம் மட்டும்தான் வரும். ரயில் பெட்டியில் இருக்கும் பிளக் பாயிண்ட்டும் அப்படித்தான். பிளக் பாயிண்ட் இல்லாத இடத்தில் பவர் பேங்க்கை அந்த யுஎஸ்பி போர்ட்டில் ஏற்றிக்கொண்டு, பிறகு போனைப் பவர் பேங்க்கில் போடலாம்.